வியர்க்காத ஐஸ்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எழுதினால் என் தப்பு நாலு பேருக்குத் தெரியும், எழுதாவிட்டால் ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளைகள் குருவிட்டை டவுனில் என்னைக் காணும்போதெல்லாம் "ஐஸ் அண்ணே" என்று கத்துவதால், இனி மறைக்க ஒன்றுமில்லை.

நான் மீன் கடையில் வேலை செய்கிறேன். ஏ லெவல் ஐந்து மாதம் படித்தேன். ஆறாவது மாதம் எனக்கும் பௌதிகவியலுக்கும் ஒத்துவரவில்லை. அது விலகவில்லை, நான் விலகினேன். என்னோடு ஒரே தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் வளர்ந்த ஒருவன் விலகாமல் பல்கலைக்கழகக் கம்பஸ் வரைக்கும் போய், இப்போது எங்கள் ரப்பர் தோட்டத்துப் பாடசாலையில் ஏ லெவல் இரசாயனவியல் படிப்பிக்கிறான். நான் அவனை வாத்தி என்பேன். அவன் என்னை என்ன சொல்வான் என்பதை இங்கே எழுத முடியாது.

வாத்திக்கு ஒரு சிக்கல் இருந்தது. ஆசிரியர் டிப்ளோமாவுக்கு வகுப்பறைப் பரீட்சை என்று ஒன்று உண்டு. வெளியிலிருந்து இரண்டு பேர் வந்து பின் வாங்கில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாடம் நடத்துவதைப் பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள். முதல் தடவை வாத்தி விழுந்துவிட்டான். நோட்ஸைப் பார்த்தே நாற்பது நிமிடம் வாசித்திருக்கிறான். 'புத்தகத்தை ஒப்பிக்கிறார்' என்று வந்தவர்களில் ஒரு மெடம் எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டாவது தடவைதான் கடைசி. அதிலும் விழுந்தால் டிப்ளோமா இல்லை. டிப்ளோமா இல்லாவிட்டால் நியமனம் நிரந்தரமாகாது. அவனுடைய அம்மா முப்பது வருஷம் ரப்பர் பால் வெட்டிய தோட்டத்தில் அவன் வேறு வேலைதான் தேட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்கு வந்தான். நான் பலயா மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

"டேய், ஒரு ஐஸ் கட்டி வேணும். பெருசா."

"தலைக்கு வைக்கவா? முதல் தடவையே வச்சிருக்கணும்."

"பாடம் நடத்தடா. அமுக்கம் கொடுத்தா ஐஸோட உருகுநிலை கொஞ்சம் குறையும். அத பிள்ளைங்களுக்குக் கண்ணால காட்டணும். இந்தத் தடவ ஒப்பிக்க மாட்டேன்."

"புத்தகத்துல என்ன போட்டிருக்கு?"

"பனில சறுக்குற ஆள் படம் போட்டிருக்கு."

"நம்ம தோட்டத்துல மழை பெஞ்சா எல்லாரும் சறுக்குறோமே. என்னையே கூட்டிட்டுப் போய்க் காட்டு."

அவன் சிரிக்கவில்லை. பயந்திருக்கும்போது அவன் சிரிக்க மாட்டான், அதனால் நானும் கத்தியைக் கழுவிவிட்டு ஐஸ் எடுத்துக் கொடுத்தேன். ஐஸ் லொறியில் வந்த கட்டி, அன்றைக்குக் காலையிலிருந்து வெளியில் கிடந்தது. நன்றாக வியர்த்து, கீழே தண்ணீர் தேங்கியிருந்தது.

கடைக்குப் பின்னால் இரண்டு மீன் பெட்டிகளுக்கு நடுவில் அதைப் பாலம் மாதிரி வைத்தோம். என் பைக்கின் பழைய கிளட்ச் கேபிளைப் பிரித்து ஓர் இழையை எடுத்தான். அதை ஐஸுக்கு மேலே குறுக்காகப் போட்டு, இரண்டு நுனியிலும் ஒவ்வொரு பால் வாளியைக் கட்டினான். ரப்பர் பால் சேர்க்கிற அதே வாளிதான். உள்ளே மணல் போட்டு, கடைத் தராசில் ஐந்து ஐந்து கிலோவாக நிறுத்தோம்.

கடை முதலாளி, நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், எட்டிப் பார்த்தார்.

"ஐஸ் வெட்டக் கம்பியா? கோடாலி உள்ளுக்கு இருக்கே."

"இது வெட்டாது நானா," என்றான் வாத்தி. "கம்பி அந்தப் பக்கம் போயிரும், ஐஸ் ரெண்டா ஆகாது."

"அப்ப எதுக்கு?" என்று கேட்டுவிட்டு நானா உள்ளே போனார். எனக்கும் அதே கேள்விதான். ஆனால் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனதும் கம்பி கீழே வந்து, வாளிகள் 'டொம்' என்று விழுந்தன. கட்டி முழுசாக இருந்தது. கம்பி போன வழி மட்டும் உள்ளே ஒரு மங்கலான தாள் மாதிரி தெரிந்தது. நான் அதைத் தூக்கித் தட்டிப் பார்த்தேன். உடையவில்லை.

"மேஜிக்கா?"

"சாய்வு," என்றான்.

மீன் பெட்டி மூடியில் மார்க்கரால் வரைந்து காட்டினான். குறுக்கே வெப்பநிலை, மேலே அமுக்கம். திண்மமும் திரவமும் சேர்ந்திருக்கிற எல்லைக் கோடு ஒன்று. அநேகமான பொருள்களுக்கு அந்தக் கோடு மேலே போகப் போக வலது பக்கம் சாயும். அதாவது அமுக்கினால் உருகுவது கஷ்டமாகும். தண்ணீர் மாதிரி ஒரு சிலதுக்குத்தான் இடது பக்கம் சாய்கிறது.

"ஏன் இது மட்டும் கோணல்?"

"ஃப்ரீசர்ல தண்ணி போத்தல் வச்சா என்னாகும்?"

"வெடிக்கும். நானா ஏசுவாரு."

"ஏன் வெடிக்குது? ஐஸுக்கு இடம் கூட வேணும். ஒரு லீட்டர் தண்ணி ஐஸானா கிட்டத்தட்ட ஒன்னு தசம் பூஜ்யம் ஒம்பது லீட்டர். அத நாலா பக்கமும் அமுக்கினா அது எந்தப் பக்கம் போகும்? இடம் குறைவா எடுக்கிற பக்கம். அது தண்ணி. அதனால அமுக்கத்துல கொஞ்சம் லேசா உருகும்."

நெரிசல் பஸ்ஸில் கையை மடக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி என்று நான் சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதைப் பாடத்தில் சொல்லப்போவதாகச் சொன்னான். என் வாழ்க்கையில் நான் பௌதிகத்துக்குச் செய்த ஒரே உதவி அதுதான்.

பிறகு கோட்டின் சாய்வுக்கு ஒரு கணக்கு எழுதினான். உருகும்போது உள்ளே போகிற வெப்பத்தை, வெப்பநிலையால் பெருக்கிய கனவளவு மாற்றத்தால் பிரித்தால் சாய்வு. வெப்பநிலை கெல்வினில். வெப்பம் நேர்க் கணியம், வெப்பநிலையும் நேர்க் கணியம். ஐஸ் உருகினால் கனவளவு குறைகிறது, அதனால் அது மறைக் கணியம், மைனஸ். மேலே நேர், கீழே மறை, ஆகவே சாய்வு மறை. அவ்வளவுதான் கோணலுக்குக் காரணம். உருகுவதற்குப் போகிற வெப்பம் பெரிசு, கனவளவு மாற்றம் துளி. அதனால் கோடு பயங்கரச் செங்குத்து. நம்ம எரத்ன வழியாகச் சிவனொளிபாதமலைக்கு ஏறுகிற பாதை இதற்கு முன்னால் கிரிக்கட் மைதானம். உருகுநிலையை ஒரே ஒரு பாகை இறக்க ஏறக்குறைய நூற்றி முப்பத்தைந்து வளிமண்டல அமுக்கம் வேண்டும் என்றான்.

"நம்ம கம்பிக்கு?"

"மெல்லிசுக் கம்பிங்கிறதால இருபது மட்டுல வரும். அதுக்கு உருகுநிலை இறங்குறது ஒரு பாகைகூட இல்ல. தசம் ஒன்னு அஞ்சு பாகை."

"இவ்வளவு தானா? இதுக்கா ஒரு கம்பஸ்?"

"இவ்வளவுதான்டா. ஆனா இவ்வளவு இருக்கே."

அவன் இன்னொன்றும் செய்தான். எஃகு இழை போன இடத்துக்குப் பக்கத்தில், அதே பருமனில் தூண்டில் நைலோன் தங்கூசியைப் போட்டு, அதே பாரம் கட்டினான். அதே நேரத்தில் அது பாதிகூடப் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். உருகுவதற்கு வெப்பம் வேண்டும், எஃகு வெப்பத்தைக் கடத்தும், நைலோன் கடத்தாது என்று சொல்லிவிட்டு, அதை ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை.

பரீட்சை புதன்கிழமை. பாடசாலையில் குளிர்சாதனப் பெட்டி கிடையாது, அதனால் ஐஸை நான் கொண்டுவர வேண்டும் என்று முடிவானது. இங்கேதான் தப்பு நடந்தது.

மீன் தொழிலில் வியர்க்கிற ஐஸ் கெட்ட ஐஸ். லொறிக்காரன் ஈரமான கட்டியை இறக்கினால் நானா அவனைத் திருப்பி அனுப்புவார். உலர்ந்த, வெள்ளைப் புகை விடுகிற, கையில் ஒட்டுகிற கட்டிதான் நல்ல கட்டி. என் சிநேகிதனுடைய வாழ்க்கைக்காகக் கொண்டுபோகிற ஐஸ் அழுகிற ஐஸாக இருக்கக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. நானாவிடம் கெஞ்சி, டீப் ஃப்ரீசரில் தோரா மீனுக்குப் பக்கத்தில் ஒரு நீளப் பெட்டியில் தண்ணீர் ஊற்றி, இரண்டு நாள் உறைய வைத்தேன். ஃப்ரீசரின் கண்ணாடியில் மைனஸ் பதினெட்டு என்று காட்டியது. நான் அதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன்.

புதன்கிழமை காலையில் ரிஜிஃபோம் என்கிற வெள்ளைத் தெர்மோகோல் பெட்டியில் மரத்தூள் போட்டுக் கட்டியைச் சுற்றி, த்ரீவீலில் தோட்டத்துக்கு ஏற்றினேன். பாதி வழியில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு துளி தண்ணீர் இல்லை. சாரதியிடமும் காட்டினேன். "நியம ஐஸ்," என்று சிங்களத்தில் பாராட்டினான்.

வகுப்பில் பதினொரு பிள்ளைகள். பின்னால் அதே மெடமும், சேர் என்று எல்லோரும் கூப்பிட்ட இன்னொரு ஆண் பரீட்சகரும். மெடம் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறவர். சேர் எதையும் பார்க்காதவர். நான் ஆய்வுகூட உதவியாளன் மாதிரி வேஷத்தில் ஓரத்தில் நின்றேன். என் சட்டையில் மீன் வாசம் வந்தது. முன் வரிசையில் ஒரு பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டது.

வாத்தி நன்றாகத்தான் தொடங்கினான். காகிதம் கையில் இல்லை. கட்டியை இரண்டு மேசைகளுக்கு நடுவில் வைத்தான், கம்பியைப் போட்டான், வாளிகளைத் தொங்கவிட்டான். "பாடம் முடியும்போது இந்தக் கம்பி கீழே வந்திரும், ஐஸ் முழுசா இருக்கும்," என்று அறிவித்தான். பிள்ளைகள் கண்களை விரித்தார்கள். இரட்டைப் பாடம், எண்பது நிமிடம். ஞாயிறன்று ஒரு மணித்தியாலம் சொச்சம்தான் ஆனது. போதும்.

எல்லைக் கோட்டை வரைந்தான். பஸ்ஸைச் சொன்னான், பிள்ளைகள் சிரித்தார்கள். சாய்வின் கணக்கை எழுதினான். அரை மணித்தியாலம் ஆனது. கட்டியின் மேல் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. கம்பி அசையவில்லை. பனி கம்பியையும் மூடியிருந்தது.

"சார்," என்றது முன்வரிசைப் பிள்ளை, மூக்கிலிருந்து கையை எடுத்து. "கம்பி தூங்குது சார்."

எல்லோரும் சிரித்தார்கள். பின் வாங்கில் மெடம் எதையோ எழுதினார். வாத்தி என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். கூரையில் ஒன்றும் இல்லை.

அவன் மேசைக்கு வந்தான். வாளியைத் தூக்கிப் பார்த்தான், பாரம் சரி. கம்பியை மெல்ல இழுத்தான், வரவில்லை. ஐஸோடு உறைந்து ஒட்டியிருந்தது. ஆட்காட்டி விரலைக் கட்டியின் மேல் வைத்தான். விரலை எடுத்தபோது அது கொஞ்சம் ஒட்டி, தோல் இழுபட்டு வந்தது. விரலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும்: ஒன்பதாம் வகுப்பில் அவனுடைய சைக்கிளை நான் ஓடையில் விட்ட அன்றைய பார்வை.

"தம்பி," என்றான் எல்லோருக்கும் முன்னால், மரியாதையாக. "இந்த ஐஸ எங்க வச்சிருந்தீங்க?"

"டீப் ஃப்ரீசர்லங்க சார்."

"எத்தன நாளு?"

"ரெண்டு நாளுங்க சார். மைனஸ் பதினெட்டுங்க சார். ஒரு துளி வியர்க்கலீங்க சார்."

என் குரல் கடைசியில் கொஞ்சம் இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எழுதின அந்தத் தசம் ஒன்று ஐந்து அப்போதுதான் என் மண்டைக்குள் வந்து உட்கார்ந்தது. அமுக்கம் உருகுநிலையை இறக்குகிறது, சரி. ஆனால் ஒரு தம்மிடி இறக்குகிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கிற ஐஸுக்குத்தான் அந்தத் தம்மிடி பெரிய விஷயம். நான் கொண்டுவந்தது பூஜ்யத்துக்கு வெகு தூரத்தில் நிற்கிற ஐஸ்.

இந்த இடத்தில் அவன் நோட்ஸைத் தேடுவான் என்று நினைத்தேன். கை சட்டைப் பைக்குப் போனது. ஆனால் காகிதம் எடுக்காமலே திரும்பி வந்தது. சோக் கட்டியை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போனான்.

"பிள்ளைங்களா, கம்பி தூங்கல. அது ஐஸ மதிக்குது. ஏன்னு இப்ப நாம கண்டுபிடிப்போம்."

கோட்டின் மேல் இருபது வளிமண்டலத்துக்கு ஒரு புள்ளி வைத்தான். மைனஸ் தசம் ஒன்று ஐந்து. அதே உயரத்தில், இடது பக்கம் தள்ளி, கரும்பலகையின் விளிம்புக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளி வைத்தான். "நம்ம ஐஸ் இங்க நிக்குது. இது திண்மத்தோட வயித்துக்குள்ள. கோட்டுக்கு ரொம்ப தூரம். இப்ப ஐஸ் கொஞ்சம் சூடாகி மைனஸ் பத்துல இருக்குன்னு வைங்க. அங்க உருக வைக்க எத்தன வாளி தொங்க விடணும்? கணக்குப் போடுங்க."

பதினொரு பேரும் குனிந்தார்கள். ஒரு பாகைக்கு நூற்றி முப்பத்தைந்து என்றால் பத்துக்கு ஆயிரத்து முந்நூற்றி ஐம்பது. இரண்டு வாளிக்கு இருபது என்றால்...

"நூத்தி முப்பத்தஞ்சு வாளி சார்!" என்று கத்தினான் ஒருவன்.

"நம்ம தோட்டத்து டிவிசன்லயே அவ்வளவு வாளி இல்ல சார்," என்றாள் இன்னொருத்தி.

"அது நேர்க்கோடுன்னு வச்சா," என்றான் வாத்தி. "கோடு மேல போகப் போகக் கொஞ்சம் வளையும். அதனால உண்மையில கொஞ்சம் குறைய வாளி போதும். ஆனா ஆயிரம் வளிமண்டலத்துக்கு மேலதான். அதுக்கு முன்னாடி கம்பி அறுந்திரும்."

மெடம் கையை உயர்த்தினார். கையை உயர்த்துகிற பரீட்சகரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"சார், அப்ப பூஜ்யத்துல இருக்கிற ஐஸ்ல கம்பி போகும்னு சொல்றீங்க. போறதுக்கு முழுக் காரணமும் அமுக்கம் தானா?"

இதுதான் விழ வைக்கிற கேள்வி என்று எனக்கே தெரிந்தது. 'ஆமாம் மெடம்' என்றால் புத்தகம் மாதிரி இருக்கும், சுலபமாக இருக்கும்.

"இல்லைங்க மெடம்," என்றான் வாத்தி. "ஞாயிற்றுக்கிழமை ஈர ஐஸ்ல செஞ்சு பாத்தோம். எஃகுக் கம்பி முழுசாப் போயிருச்சி. அதே பருமன் நைலோன், அதே பாரம், பாதி கூடப் போகல. அமுக்கம் ரெண்டுக்கும் ஒன்னுதான். உருகுறதுக்கு வெப்பமும் வந்து சேரணும். கம்பிக்கு மேல தண்ணி திரும்ப உறையுறப்ப விடுற வெப்பம், வெளிச் சூடு, இது ரெண்டையும் எஃகு கீழ கொண்டு போகுது. அமுக்கம் உருகுறதுக்கு அனுமதி குடுக்குது. செலவு வெப்பத்தோடது. எவ்வளவு பங்கு எதோடதுன்னு நான் அளக்கல. அளக்காதத நான் பிள்ளைங்களுக்குச் சொல்ல மாட்டேன்."

மெடம் எழுதினார். இந்தத் தடவை நீளமாக எழுதினார். பக்கத்திலிருந்த சேர் முதல் தடவையாகக் கட்டியைப் பார்த்து "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் 'சரி, சரி' சொன்னார்.

மணி அடித்தபோது பனி உருகி, கட்டி வியர்க்கத் தொடங்கியிருந்தது. கம்பி ஒரு நகக்கண் ஆழம் இறங்கியிருந்தது. பிள்ளைகள் இடைவேளைக்குப் போகவில்லை. கட்டியைச் சுற்றி நின்று, யாருடைய மூச்சுச் சூடு படுகிறது என்று சண்டை பிடித்தார்கள். பரீட்சகர்கள் இரண்டு பேரும் வாகனத்தில் ஏறிப் போனார்கள். மெடம் போகும்போது என்னைத் தாண்டிப் போனார். "நல்ல ஐஸ்," என்றார். அது பாராட்டா ஏச்சா என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

வாத்தி வாளியிலிருந்த மணலைக் கொட்டிக்கொண்டிருந்தான்.

"வாத்தி, கலக்கிட்ட."

"போடா."

"நான் ஈர ஐஸ் கொண்டு வந்திருந்தா இந்த நூத்தி முப்பத்தஞ்சு வாளி உனக்கு வந்திருக்குமா?"

"நீ ஈர ஐஸ் கொண்டு வந்திருந்தா பிள்ளைங்க முன்னாடி கம்பி தூங்கியிருக்காது. போடா."

இரண்டாவது 'போடா' வேறு மாதிரி இருந்தது. அவன் திரும்பிப் பார்க்காமல் போனான். நான் வெறும் ரிஜிஃபோம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு இறங்கினேன்.

முடிவு வர இரண்டு கிழமை என்று சொல்லியிருந்தார்கள். அந்த இரண்டு கிழமையும் அவன் கடைப் பக்கம் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவனுடைய இருமல் கேட்கும், நான் இந்தப் பக்கம் படுத்திருப்பேன். வழக்கமாக இருமினால் "செத்துட்டியா?" என்று கேட்பேன். கேட்கவில்லை. நானா கூட ஒரு நாள் கேட்டார், "என்ன, வாய்க்கு லீவா?" என்று. மீனுக்கு ஐஸ் போடும்போதெல்லாம் எனக்கு அவன் விரல் ஒட்டி இழுபட்டதுதான் ஞாபகம் வந்தது. அவனுடைய கடைசித் தடவையை நான் மைனஸ் பதினெட்டில் வைத்துவிட்டேனோ என்று யோசித்தேன். யோசிப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை, அதனால் கஷ்டமாக இருந்தது.

பதினாறாவது நாள் போனை எடுத்தேன். முதலில் ஒரு கிண்டல் எழுதினேன், அழித்தேன். இன்னொன்று எழுதினேன், அதையும் அழித்தேன். கடைசியில் "ஐஸ் என் தப்பு, மன்னிச்சிரு. முடிவு என்னாச்சு?" என்று மட்டும் அனுப்பினேன். இருபத்து மூன்று வருஷச் சிநேகிதத்தில் நான் அவனுக்குக் கிண்டல் இல்லாமல் அனுப்பின முதல் செய்தி அது. மீன் தட்டில் போனை வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வாடிக்கையாளர் சாலயா மீன் கேட்டார்; நான் லின்னா மீன் நிறுத்துக் கொடுத்தேன்.

போன் நடுங்கியது. வாத்தி எழுதியிருந்தான்:

"பாஸாயிட்டேன்டா, அம்மா சோறு வைக்கிறாங்க, சாயந்தரம் வா, வாய மட்டும் வீட்டுல வச்சிட்டு வா."